ஸ்டாப் லாஸ் எவ்வளவு தள்ளி? பழைய விலைகள் சொல்லும் கணக்கு

2024 ஜூன் முதல் வாரத்தைப் பங்குச்சந்தையில் இருந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மே 31, வெள்ளிக்கிழமை நிஃப்டி 22,530.70 புள்ளிகளில் முடிந்திருந்தது. வார இறுதியில் எக்ஸிட் போல் முடிவுகள் வெளியாயின. திங்களன்று குறியீடு 23,263.90க்குத் தாவியது. செவ்வாய்க்கிழமை வாக்கு எண்ணிக்கை. அன்று நிஃப்டி 21,884.50க்கு விழுந்தது. புதன் 22,620.35, வியாழன் 22,821.40, வெள்ளி 23,290.15 என்று படிப்படியாக மீண்டது.

திங்கள் மாலை 23,263.90 நிலையில் வாங்கிய ஒருவர், வழக்கம்போல 3 சதவீதம் கீழே ஸ்டாப் லாஸ் வைத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 22,566. செவ்வாயன்றே அவர் நஷ்டத்தோடு வெளியேற்றப்பட்டிருப்பார். வெள்ளிக்கிழமை குறியீடோ அவர் வாங்கிய நிலையைத் தாண்டி நின்றது. சந்தை எந்தப் பக்கம் போகும் என்ற அவருடைய கணிப்பு பொய்க்கவில்லை. ஸ்டாப் வைத்த தூரம்தான் அந்த வாரத்துக்குப் பொருந்தவில்லை.

இதே 3 சதவீத ஸ்டாப்பை 2023 ஜூலை மூன்றாம் வாரத்தில் வைத்திருந்தால் அது தொடப்பட்டிருக்காது. அந்த வாரத்தின் ஆகப் பெரிய ஒரு நாள் வீழ்ச்சியே 1.2 சதவீதம்தான். ஆக, 3 சதவீதம் என்பது ஒரு வாரத்தில் தாராளமான இடைவெளி, இன்னொரு வாரத்தில் போதாத இடைவெளி. எந்த வாரம் எப்படிப்பட்டது என்பதை எண்ணால் அளக்கும் முறைக்கு வரலாற்று ஏற்ற இறக்கம் என்று பெயர். சந்தையில் இருப்பவர்கள் ‘ஹிஸ்டாரிக்கல் வாலட்டிலிட்டி’ என்பார்கள், சுருக்கமாக ‘எச்.வி.’.

மடக்கை எதற்கு?

இந்தக் கணக்குக்குத் தேவையான ஒரே மூலப்பொருள், ஒவ்வொரு நாளின் முடிவு விலை. இன்றைய முடிவு விலையை நேற்றைய முடிவு விலையால் வகுத்து, கிடைப்பதற்கு இயல் மடக்கை எடுக்க வேண்டும். பள்ளியில் படித்த அதே ‘லாக்’தான். இதை லாக் ரிட்டர்ன் என்கிறார்கள்.

சாதாரண சதவீதமே போதாதா என்று கேட்கலாம். 100 ரூபாய்ப் பங்கு 120க்கு ஏறி, மறுநாள் மீண்டும் 100க்கே வந்துவிடுகிறது. சதவீதக் கணக்கில் முதல் நாள் 20 ஏற்றம், மறுநாள் 16.67 இறக்கம். கூட்டினால் 3.33 சதவீத லாபம் வந்ததுபோலத் தோன்றும். கையில் வந்தது ஒன்றுமில்லை. லாக் ரிட்டர்னில் முதல் நாள் +18.23, மறுநாள் −18.23. கூட்டினால் சுழியம். ஏற்றமும் இறக்கமும் ஒரே அளவுகோலில் நிற்பதால், பல நாள்களின் நகர்வைத் தவறில்லாமல் கூட்ட முடிகிறது. ஒரு நாள் அளவை ஓராண்டு அளவாக மாற்றுவதற்கு இந்தக் கூட்டும் தன்மை அவசியம்.

ஐந்து நாள், இரண்டு வாரம்

2024 ஜூன் வாரத்தின் ஐந்து நாள் லாக் ரிட்டர்ன்கள் இவை: +3.20, −6.11, +3.31, +0.88, +2.03 சதவீதம். இவற்றின் சராசரி 0.66. ஒவ்வொரு நாளும் இந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்த்து, விலகல்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் ஏறக்குறைய 61.3 வருகிறது. நாள்கள் ஐந்து, மாதிரியிலிருந்து கணக்கிடுவதால் ஒன்றைக் கழித்து 4ஆல் வகுக்க வேண்டும். வருவது 15.3. அதன் வர்க்கமூலம் 3.91. இதுதான் திட்ட விலக்கம்: அந்த வாரத்தில் நிஃப்டியின் சராசரியான ஒரு நாள் ஆட்டம் 3.91 சதவீதம்.

இனி 2023 ஜூலை 17 முதல் 21 வரையிலான வாரம். முந்தைய வெள்ளியன்று 19,564.50. அடுத்த ஐந்து நாள்களும் 19,711.45, 19,749.25, 19,833.15, 19,979.15, 19,745.00 என்று முடிந்தன. இதே படிகளைச் செய்தால் திட்ட விலக்கம் 0.80 சதவீதம் வருகிறது. முந்தைய எண்ணில் ஐந்தில் ஒரு பங்குதான்.

ஒரு நாள் எண்ணை ஆண்டு எண்ணாக்க, அதை ஓராண்டின் வணிக நாள்களின் வர்க்கமூலத்தால் பெருக்குகிறார்கள். 252 நாள் என்று கொள்வது உலக வழக்கம். அதன் வர்க்கமூலம் 15.87. நாள்களின் எண்ணிக்கையாலேயே ஏன் பெருக்குவதில்லை? ஒரு நாள் ஏறினால் மறுநாள் இறங்கலாம். நகர்வுகள் ஒன்றையொன்று ஓரளவு தின்றுவிடும். நாள்தோறும் வரும் நகர்வுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றால், நாள்களின் எண்ணிக்கையோடு சேர்ந்து வளர்வது விலக்கத்தின் வர்க்கம். விலக்கம் அதன் வர்க்கமூல வேகத்தில்தான் வளரும். நான்கு நாளில் ஆட்டம் இரண்டு மடங்காகும், நான்கு மடங்காகாது.

இந்தப் பெருக்கலுக்குப் பின் 2023 ஜூலை வாரம் ஆண்டுக்கு 12.6 சதவீதம் என்றும், 2024 ஜூன் வாரம் 62 சதவீதம் என்றும் வந்து நிற்கின்றன. விளக்கத்துக்காக இங்கே ஐந்து நாளை எடுத்தோம். நடைமுறையில் ஐந்து எண்கள் போதா. 20 நாளாவது வேண்டும். விரிதாளில் B பத்தியில் முடிவு விலைகளை இட்டு, C பத்தியில் முதல் சூத்திரத்தைக் கீழே இழுத்துவிட்டால் போதும். இரண்டாவது சூத்திரம் 20 நாள் எச்.வி.யைத் தரும்.

```
=LN(B3/B2)
=STDEV.S(C3:C22)*SQRT(252)
```

இங்கே இரண்டு இடங்களில் பலர் சறுக்குகிறார்கள். ஒன்று, போனஸ், பங்குப் பிரிப்பு போன்றவற்றுக்குத் திருத்தப்படாத விலைகள். ரிலையன்ஸ் பங்கு 2024 அக்டோபர் 28 அன்று ஒன்றுக்கு ஒன்று போனஸுக்குப் பிந்தைய விலைக்கு மாறியது. விலை ஒரே நாளில் பாதியானது. பங்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பானதால் யாருக்கும் நஷ்டமில்லை. விலையைத் திருத்தாமல் கணக்கில் இட்டால், விலை பாதியான அந்த நாளின் லாக் ரிட்டர்ன் −69 சதவீதத்தை ஒட்டி வரும். மற்ற 19 நாளும் பங்கு அசையாமலே இருந்தாலும் எச்.வி. 240 சதவீதத்தைத் தாண்டும். எச்.வி. திடீரென மூன்று இலக்கத்துக்குப் போனால் முதலில் பார்க்க வேண்டியது போனஸ் தேதியைத்தான்.

இரண்டாவது, நாள்களின் எண்ணிக்கை. தேசியப் பங்குச்சந்தை நாள்தோறும் வெளியிடும் ஏற்ற இறக்கக் கோப்பு, ஒரு நாள் எண்ணை 365இன் வர்க்கமூலத்தால் பெருக்குகிறது, அது 19.1. அண்மை நாள்களுக்குக் கூடுதல் எடை தரும் வேறொரு முறையில் அந்த ஒரு நாள் எண்ணையும் கணக்கிடுகிறது. ஒரு நாள் விலக்கம் ஒன்றாகவே இருந்தாலும், 252 முறையில் 12.6 என்று வருவது 365 முறையில் 15.2 என்று வரும். இரண்டு முறையும் சரியானவையே. 365 கொண்டு ஆண்டாக்கிய எண்ணை 15.87ஆல் வகுத்து ஒரு நாள் எண்ணாக்கினால்தான் தவறு. ஸ்டாப் தேவைக்கு மேல் 20 சதவீதம் அகலமாகிவிடும். எந்த வர்க்கமூலத்தால் பெருக்கினார்களோ, அதே வர்க்கமூலத்தால்தான் வகுக்க வேண்டும்.

சதவீதத்திலிருந்து ரூபாய்க்கு

ஆண்டுக் கணக்கு எண் பங்குகளை ஒப்பிட உதவும். ஸ்டாப் வைக்க வேண்டுமானால் அதை மறுபடி நாள் கணக்குக்குக் கொண்டுவர வேண்டும். 1,000 ரூபாய் விலையுள்ள ஒரு பங்கின் 20 நாள் எச்.வி. 25 சதவீதம் என்று கொள்வோம். 15.87ஆல் வகுத்தால் நாளுக்கு 1.575 சதவீதம், அதாவது 15.75 ரூபாய். இது அந்தப் பங்கு ஒரு காரணமும் இல்லாமல் ஒரே நாளில் ஆடக்கூடிய சாதாரண ஆட்டம். 10 ரூபாய் தள்ளி ஸ்டாப் வைப்பவர், நாளைய சாதாரண ஆட்டத்திலேயே வெளியேறச் சம்மதிக்கிறார்.

பலர் பின்பற்றும் விதி, ஒரு நாள் ஆட்டத்தின் இரண்டு மடங்கு: 31.50 ரூபாய், அதாவது 968.50இல் ஸ்டாப். இது நல்ல விதிதானா? எத்தனை நாள் வைத்திருக்கப் போகிறார் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. இந்தக் கேள்வியைப் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை.

நான்கு நாள் வைத்திருப்பதாக இருந்தால், அந்தக் காலத்துக்கான திட்ட விலக்கம் ஒரு நாளின் இரண்டு மடங்கு, அதாவது அதே 31.50. விலைக்குத் தனிப் போக்கு எதுவுமில்லை, நகர்வுகள் இயல்நிலைப் பரவலில் இருக்கின்றன என்று கொண்டால், நான்காம் நாள் முடிவில் விலை 968.50க்குக் கீழே இருக்க ஏறக்குறைய 16 சதவீத வாய்ப்பு. ஆனால் ஸ்டாப் கடைசி நாள் வரை காத்திருக்காது; நடுவில் ஒருமுறை தொட்டாலே ஆள் வெளியே. தொடும் வாய்ப்பு எவ்வளவு?

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. விலை ஸ்டாப்பைத் தொட்ட கணத்தை நினைத்துப் பாருங்கள். அங்கிருந்து அது கீழே போகவும் மேலே திரும்பவும் சம வாய்ப்பு. ஆகவே, கடைசியில் கீழே முடியும் ஒவ்வொரு பாதைக்கும், தொட்டுவிட்டு மேலே திரும்பிய ஒரு பாதை இணையாக இருக்கும். எனவே தொடும் வாய்ப்பு, கீழே முடியும் வாய்ப்பின் இரு மடங்கு: 32 சதவீதம். கணிப்பில் தவறே இல்லாவிட்டாலும், மூன்றில் ஒரு வியாபாரம் வெறும் ஆட்டத்திலேயே அடிபடும்.

அதே 31.50 ரூபாய் ஸ்டாப்போடு 10 நாள் காத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். பத்து நாளுக்கான திட்ட விலக்கம் 49.80 ரூபாய். இந்தக் கணக்கில் ஸ்டாப் தொடப்படும் வாய்ப்பு 53 சதவீதத்தை ஒட்டி வருகிறது. ‘நான் வாங்கினால் இறங்குகிறது, விற்றதும் ஏறுகிறது’ என்று பல வர்த்தகர்கள் புலம்புவதற்கு இது ஒரு பெரிய காரணம். பத்து நாள் திட்டத்துக்கு நான்கு நாள் ஸ்டாப் வைத்திருக்கிறார்கள். அதை 75 ரூபாயாக, அதாவது பத்து நாள் விலக்கத்தின் ஒன்றரை மடங்காக வைத்தால் வாய்ப்பு 13 சதவீதமாகக் குறையும்.

75 ரூபாய் நஷ்டத்தைத் தாங்க முடியாதே என்றால், குறைக்க வேண்டியது பங்குகளின் எண்ணிக்கையை. ஒரு வியாபாரத்தில் 5,000 ரூபாய்க்கு மேல் இழக்கக் கூடாது என்று முடிவு செய்தவர், 31.50 ரூபாய் ஸ்டாப்புக்கு 158 பங்குகள் வாங்கலாம். 75 ரூபாய் ஸ்டாப்புக்கு 66 பங்குகள்தான். எச்.வி. 25லிருந்து 50 ஆனால் 75 ரூபாய் ஸ்டாப் 150 ஆகும், பங்குகள் 33 ஆகும். இழக்கக்கூடிய தொகை எல்லா நிலையிலும் அதே 5,000. ஏற்ற இறக்கம் கூடும்போது ஸ்டாப்பை மட்டும் அகலமாக்கி எண்ணிக்கையைக் குறைக்காதவர், தம்மை அறியாமலே பணயத்தை இரட்டிப்பாக்குகிறார்.

இண்டிகேட்டருக்கு என்ன அளவு?

சார்ட்டில் போடும் இண்டிகேட்டர்களில் சதவீத எல்லை உள்ளவை பல. மூவிங் ஆவரேஜுக்கு மேலும் கீழும் 3 சதவீதத்தில் கோடு வரையும் என்வலப் அவற்றில் ஒன்று. நாளுக்கு 0.8 சதவீதம் ஆடும் நிஃப்டிக்கு 3 சதவீதம் என்பது ஒரு நாள் ஆட்டத்தின் ஏறக்குறைய நான்கு மடங்கு. விலை அந்தக் கோட்டைத் தொட்டால் அது கவனிக்கத்தக்க செய்தி. நாளுக்கு 2.5 சதவீதம் ஆடும் ஒரு சிறு நிறுவனப் பங்குக்கு அதே கோடு, அடிக்கடி வந்துபோகும் சாதாரண நாள். இரண்டுக்கும் ஒரே அமைப்பை வைத்தால், முதலாவதில் சமிக்ஞையே வராது, இரண்டாவதில் வந்துகொண்டே இருக்கும். எல்லையைச் சதவீதத்தில் வைக்காமல் ஒரு நாள் விலக்கத்தின் மடங்காக வைத்தால் இந்தக் குறை தீரும். 1980களில் ஜான் போலிஞ்சர் உருவாக்கிய போலிஞ்சர் பேண்டின் அடிப்படையும் இதுதான். அவர் ரிட்டர்னுக்குப் பதிலாக விலையின் 20 நாள் திட்ட விலக்கத்தை எடுத்து, அதன் இரு மடங்கு தூரத்தில் கோடுகளை வைத்தார்.

நாள்களின் எண்ணிக்கையை மாற்றுவது இதைவிடச் சிக்கலானது. ஏற்ற இறக்கம் கூடும்போது 20 நாள் மூவிங் ஆவரேஜைச் சுருக்க வேண்டுமா, நீட்ட வேண்டுமா? துஷார் சாண்டே 1992இல் முன்வைத்த ‘விடியா’ என்ற சராசரி, அண்மைக் கால விலக்கத்தை நீண்ட கால விலக்கத்தால் வகுத்து, அந்த விகிதம் கூடக்கூடச் சராசரியை வேகமாக்குகிறது. விலை புதிய திசையில் வேகமாகக் கிளம்பும்போது சராசரி பின்தங்கக் கூடாது என்பது அதன் நியாயம். ஆனால் 2024 ஜூன் வாரம்போல ஒரு நாள் மேலே, ஒரு நாள் கீழே என்று அடித்தால், வேகமான சராசரி ஒவ்வொரு நாளும் பொய்ச் சமிக்ஞை தரும். அங்கே நீண்ட சராசரிதான் காப்பாற்றும்.

எச்.வி.யால் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்பதை மட்டுமே அது அளக்கிறது. எந்தத் திசையில் என்பதை அளப்பதில்லை. நாள்தோறும் சரியாக 1 சதவீதம் ஏறும் பங்குக்கு எச்.வி. சுழியம் என்று வரும்! எனவே எல்லைகளின் அகலத்தை எச்.வி.யிடம் விடலாம். நாள்களின் எண்ணிக்கையை முடிவு செய்யும் முன், அந்த ஆட்டத்தில் திசை இருக்கிறதா என்று தனியே பார்க்க வேண்டும்.

கணக்கு எங்கே கைவிடும்?

முடிவு விலையை மட்டும் பார்ப்பதுதான் இதன் முதல் குறை. 2020 மார்ச் 13 அன்று கொரோனா பீதியில் நிஃப்டி திறந்த சிறிது நேரத்திலேயே 10 சதவீதத்துக்கு மேல் சரிந்து, வர்த்தகம் 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. அன்றைய குறைந்த அளவு 8,555.15, முந்தைய நாள் முடிவு 9,590.15. பிற்பகலில் குறியீடு மீண்டு 9,955.20இல் முடிந்தது. எச்.வி. கணக்கில் அந்த நாள் +3.74 சதவீதம், அவ்வளவுதான். பகலில் ஸ்டாப் தொடப்பட்டு வெளியேறிய ஆயிரக்கணக்கானோரின் நாள் அந்த எண்ணில் இல்லை. அதனால் பகலிலும் செயல்படும் ஸ்டாப் வைப்பவர்கள், வெல்ஸ் வைல்டர் 1978இல் அறிமுகப்படுத்திய ஏ.டி.ஆர். அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. அது அன்றைய உச்சம், தாழ்வு, முந்தைய முடிவு மூன்றையும் சேர்த்துக்கொள்ளும். ஏ.டி.ஆர். சொல்லும் தூரம் எச்.வி. சொல்வதைவிட வழக்கத்துக்கு மாறாகப் பெரிதாக இருந்தால், பகல் நேர ஆட்டம் முடிவு விலையில் மறைந்துவிட்டது என்று பொருள்.

இரண்டாவது குறை, 20 நாள் சாளரத்தின் விளிம்பு. நாளுக்கு 0.8 சதவீதம் ஆடும் குறியீட்டில் −6.11 போன்ற ஒரே ஒரு நாள் வந்தால், சராசரியைச் சுழியம் என்று கொண்டு கணக்கிட்டாலும் 20 நாள் எச்.வி. 12.7லிருந்து 25க்குத் தாவும். அடுத்த 19 நாள் சந்தை அமைதியாகவே இருந்தாலும் எண் அங்கேயே நிற்கும். பிறகு அந்த நாள் சாளரத்தை விட்டு வெளியேறியதும், சந்தையில் ஒன்றுமே நடக்காமல் எச்.வி. பாதியாகிவிடும். அன்று ஸ்டாப்பை இறுக்கிப் பங்குகளை இரட்டிப்பாக்குபவர், காலண்டரை நம்பி முடிவெடுக்கிறார். இதைக் கண்டுபிடிப்பது எளிது: எச்.வி. சரிந்த நாளின் ரிட்டர்ன் சிறியதாக இருந்து, அன்று சாளரத்தை விட்டு வெளியேறிய ரிட்டர்ன் பெரியதாக இருந்தால் சரிவு போலியானது. 20 நாள் எண்ணோடு 100 நாள் எண்ணையும் கணக்கிட்டு, ஸ்டாப்புக்குப் பெரியதை எடுத்துக்கொள்வது பாதுகாப்பான வழி.

மூன்றாவது குறை எல்லாவற்றிலும் பெரியது. 0.8 சதவீத விலக்கத்தோடு ஒப்பிட்டால் −6.11 என்பது ஏழரை மடங்குக்கும் மேல். இயல்நிலைப் பரவல் உண்மையென்றால் அப்படியொரு நாளை மனித வரலாற்றிலேயே பார்க்க முடியாது. நம் சந்தையோ 2020 மார்ச் 23 அன்று 12.98 சதவீதம் விழுந்து, நான்காண்டு கழித்து மறுபடி 5.93 சதவீதம் விழுந்தது. ஆகவே மேலே சொன்ன 32, 53, 13 சதவீத வாய்ப்புகள் சாதாரண நாள்களுக்கானவை. தேர்தல் முடிவு, பட்ஜெட், காலாண்டு முடிவு போன்ற தேதி குறித்த நிகழ்வுகளைப் பழைய விலைகள் அறியா. ஆப்ஷன் விலைகளிலிருந்து எடுக்கப்படும் இந்தியா விக்ஸ், வரப்போகும் நாள்களைப் பற்றிய சந்தையின் அச்சத்தைக் காட்டும். அப்படிப்பட்ட வாரங்களில் எச்.வி.யைவிட அது உயர்ந்து நின்றால் ஸ்டாப்பின் அகலத்துக்கு அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். இரவோடு இரவாக விலை தாவித் திறந்தால், எந்தக் கணக்கில் வைத்த ஸ்டாப்பும் குறித்த விலையில் நிறைவேறாது. கிடைக்கிற விலையில்தான் விற்கும்.

அடுத்த முறை ஒரு பங்கை வாங்கும் முன், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்பதை முதலில் எழுதுங்கள். பிறகு எச்.வி.யிலிருந்து ஒரு நாள் ஆட்டத்தை ரூபாயில் எடுத்து, அந்த நாள்களின் வர்க்கமூலத்தாலும் ஒன்றரையாலும் பெருக்கி ஸ்டாப்பின் தூரத்தைக் குறியுங்கள். இழக்கச் சம்மதிக்கும் தொகையை அந்தத் தூரத்தால் வகுத்தால் வருவதுதான் வாங்க வேண்டிய பங்குகளின் எண்ணிக்கை. அது மனம் நினைத்ததைவிடக் குறைவாக வந்தால், ஸ்டாப்பை நெருக்கிக் கணக்கைச் சரிக்கட்டாதீர்கள், குறைவாகவே வாங்குங்கள்.